கொழுப்புக் கல்லீரல்: கிரேடு, தழும்பு, எடை, உணவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்" என்று போட்டிருக்கிறது. நோய் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டதா?

இல்லை. அந்த கிரேடு கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஏறத்தாழச் சொல்கிறதே தவிர, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அருகிலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். சற்றே வெளுத்திருந்தால் கிரேடு 1. கல்லீரலுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் கிரேடு 2. குழாய்களும் பின்னாலுள்ள உதரவிதானமும் சரியாகத் தெரியாத அளவுக்குக் கல்லீரல் ஒலியலைகளை விழுங்கிவிட்டால் கிரேடு 3. இதை ஸ்கேன் எடுப்பவர் கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறார். ஆகவே, ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் எடுத்த ஸ்கேன்களில் கிரேடு மாறி வந்தாலும் வியப்பதற்கில்லை.

நோயின் கட்டம் என்பது வேறு. அது கல்லீரலில் உருவாகியிருக்கும் தழும்பின் அளவு. அதை எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள்; எஃப்0 என்றால் தழும்பே இல்லை, எஃப்4 என்றால் கல்லீரல் முழுதும் தழும்பேறிய சிர்ரோசிஸ். ஒருவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான். சாதாரண அல்ட்ராசவுண்டில் முற்றிய சிர்ரோசிஸ் தெரியலாம். எஃப்1, எஃப்2, எஃப்3 ஆகியவை பெரும்பாலும் தெரியாது. கிரேடு 3 இருப்பவருக்கு எஃப்0 ஆகவும், கிரேடு 1 இருப்பவருக்கு எஃப்3 ஆகவும் இருக்க முடியும். ரிப்போர்ட்டில் "கிரேடு 1 தான், கவலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது, "கிரேடு 3" என்று அச்சுறுத்துவதைவிட அபாயமானது என்பது என் கருத்து.

நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுவதில்லை. பிறகு எப்படிக் கல்லீரலில் கொழுப்பு சேரும்?

கல்லீரலில் சேரும் கொழுப்பில் நாம் நேரடியாகச் சாப்பிட்ட கொழுப்பின் பங்கு மிகவும் குறைவு. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து, குறிப்பாகச் சொன்னால் ஏற்கெனவே சேமித்து வைத்த கொழுப்பு கரைந்து, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கு வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே சர்க்கரை, மாவுச்சத்து முதலியவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்திருந்தது. உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம் மட்டுமே.

இதற்குப் பின்னால் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு நிலை. சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின், "இப்போது கொழுப்பை வெளியே விட வேண்டாம்" என்று கொழுப்புத் திசுக்களுக்கு உத்தரவிட வேண்டும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தவர்களிடம் அந்த உத்தரவு சரியாக எடுபடுவதில்லை. ஆகவே கொழுப்பு அமிலங்கள் நாள் முழுவதும் கல்லீரலை நோக்கிக் கசிந்துகொண்டே இருக்கின்றன. உத்தரவை எடுபடச் செய்வதற்காகக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலினோ, சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. ஆக, எண்ணெயைத் தொடாதவர் மூன்று வேளையும் வயிறு நிறைய மாவுச்சத்தும், இடையிடையே சர்க்கரை போட்ட தேநீரும் எடுத்துக்கொண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கு வேறு எதுவும் தேவையில்லை.

வெறும் கொழுப்பாக இருந்தது எப்படித் தழும்பாக மாறுகிறது?

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது கொழுப்புக் கல்லீரல். இந்த முதல் கட்டத்தில் செல்கள் கொழுப்பைச் சுமந்துகொண்டு, ஆனால் தம் வேலையைச் செய்துகொண்டு இருக்கின்றன. வலி இருக்காது, சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் தோன்றலாம், அவ்வளவுதான்.

சிலரிடம் மட்டும் அடுத்த கட்டம் தொடங்குகிறது. கொழுப்பு அமிலங்களின் வரத்து செல்லின் எரிக்கும் திறனை மீறும்போது, நச்சுத்தன்மை கொண்ட இடைப்பொருள்கள் உருவாகி, செல்லின் உட்கட்டமைப்பைச் சிதைக்கின்றன. அந்தச் செல்கள் நுண்ணோக்கியில் ஊதிய பலூன் போல உப்பித் தெரியும். சுற்றிலும் அழற்சி செல்கள் குவியும். இதுதான் கொழுப்பால் வரும் கல்லீரல் அழற்சி. நீண்ட காலமாக "நாஷ்" என்று அழைக்கப்பட்ட இதற்கு 2023இல் "மாஷ்" என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பழைய ரிப்போர்ட்டில் ஒன்றும் புதிய ரிப்போர்ட்டில் மற்றொன்றும் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நோயைத்தான் குறிக்கின்றன.

கல்லீரல் செல்களுக்கும் இரத்த நுண்குழாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நட்சத்திர வடிவச் செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. சாதாரண நாட்களில் இவை வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். அருகிலுள்ள செல்கள் சாகும்போது எழும் சமிக்ஞைகள் இவற்றை எழுப்பிவிடுகின்றன. எழுந்தவுடன் இவை வைட்டமின் ஏ-வை இழந்து, கொலாஜன் நாரைச் சுரக்கும் செல்களாக உருமாறுகின்றன. காயம் ஆறுவதற்கான இயல்பான ஏற்பாடுதான் இது. காயம் நிற்காமல் தொடர்வதால் நாரும் சேர்ந்துகொண்டே போகிறது. தொடக்கத்தில் நார் ஆங்காங்கே நுண்குழாய்களைச் சுற்றி மட்டும் படர்வது எஃப்1. அது இரத்தம் நுழையும் பகுதியிலும் வெளியேறும் பகுதியிலும் தெரிவது எஃப்2. இந்தப் பகுதிகளுக்கிடையே நார்ப் பாலங்கள் உருவாவது எஃப்3. பாலங்கள் சூழ்ந்து, கல்லீரல் முடிச்சு முடிச்சாகப் பிரிந்துபோவது எஃப்4, அதாவது சிர்ரோசிஸ்.

இந்தப் பயணம் மெதுவானது. திசுப் பரிசோதனைகளை இடைவெளி விட்டு இரண்டு முறை செய்த நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் கொழுப்பு மட்டும் இருந்தவர்களில் தழும்பு ஒரு படி ஏறுவதற்குச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சி இருந்தவர்களில் 7 ஆண்டுகளும் ஆனதாகத் தெரிந்தது. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும்: சிலர் சில ஆண்டுகளிலேயே வேகமாக முன்னேறுகிறார்கள், பலர் எஃப்0 அல்லது எஃப்1இலேயே வாழ்நாள் முழுவதும் நின்றுவிடுகிறார்கள், சிலரிடம் தழும்பு தானாகவே குறைந்தும் இருக்கிறது.

யாருக்கு வேகமாக முற்றும்?

முதலிடம் டைப் 2 நீரிழிவுக்கு. அடுத்து, 50 வயதைக் கடந்தவர்கள், வயிற்றுப் பருமன் மிகுந்தவர்கள், இவற்றோடு மதுவும் அருந்துபவர்கள். கொழுப்பும் மதுவும் ஒரே கல்லீரலில் சேரும்போது சேதம் இரண்டின் கூட்டலைவிட அதிகமாகவே இருக்கிறது. தழும்பு தொடங்கிவிட்டவருக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. பரம்பரையும் உண்டு. 2008இல் கண்டறியப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் இருப்பவர்களுக்குக் கொழுப்பும் தழும்பும் எளிதில் வருகின்றன. தாய், தந்தை, உடன்பிறந்தோர் யாருக்காவது மது அருந்தாமலே சிர்ரோசிஸ் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் கல்லீரலுக்கு அன்று, இதய நோய்க்கு. ஆகையால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைப் பார்க்காமல் கல்லீரலை மட்டும் கவனிப்பதில் பொருளில்லை.

எனக்கு எஸ்ஜிபிடி நார்மலாகவே இருக்கிறது. தழும்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் அந்த நேரத்தில் சேதமடையும் செல்களிலிருந்து கசியும் நொதிகள். தழும்பு முற்றிய கல்லீரலில் சேதம் மெதுவாக நடக்கும்போது இவை சாதாரண அளவிலேயே இருக்கக்கூடும். ஆனால் இந்த இரண்டு எண்களையும், வயதையும், பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஃபிப்-4. கூடுதல் செலவு எதுவும் இல்லை. கையிலிருக்கும் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டே போதும்.

ஃபிப்-4 = (வயது × எஸ்ஜிஓடி) ÷ (பிளேட்லெட் × √எஸ்ஜிபிடி)

இதில் பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் போட வேண்டும். நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் "2.8 லட்சம்" என்று தருவதை 280 என்று எழுத வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

ஓர் உதாரணத்துக்கு, உடன்பிறந்த இருவரை எடுத்துக்கொள்வோம். தம்பிக்கு வயது 38. ஸ்கேனில் கிரேடு 3. எஸ்ஜிஓடி 34, எஸ்ஜிபிடி 56, பிளேட்லெட் 2.8 லட்சம். 38ஐ 34ஆல் பெருக்கினால் 1,292. 56இன் வர்க்கமூலம் 7.48, அதை 280ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,095. வகுத்தால் 0.62. அண்ணனுக்கு வயது 57; பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. ஸ்கேனில் கிரேடு 1 மட்டுமே. எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 40, பிளேட்லெட் 1.45 லட்சம். 57 × 52 = 2,964. 40இன் வர்க்கமூலம் 6.32, அதை 145ஆல் பெருக்கினால் 917. வகுத்தால் 3.23.

1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே இருந்தால் வாய்ப்பு அதிகம். கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் வந்தால் அடுத்த பரிசோதனை தேவை. தம்பியின் கிரேடு 3ஐக் கண்டு குடும்பமே பதறியிருக்கும்; அண்ணனின் கிரேடு 1ஐ யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். உண்மையில் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவர் அண்ணன். அவருடைய ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி உயர்ந்திருக்கிறது, பிளேட்லெட் குறைந்திருக்கிறது. தழும்பால் கல்லீரலுக்குள் இரத்த ஓட்டம் தடைபடும்போது மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவருடைய கிரேடு குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு: தழும்பு முற்றும்போது பலரிடம் கல்லீரல் கொழுப்பு குறைந்துவிடுகிறது. "முன்பு கிரேடு 2 இருந்தது, இப்போது கிரேடு 1 ஆகிவிட்டது" என்பது எடை குறையாத ஒருவரிடம் நல்ல செய்தியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

35 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.3க்குப் பதிலாக 2.0 என்ற எல்லையைப் பயன்படுத்துவார்கள். டெங்கு போன்ற காய்ச்சலின்போது பிளேட்லெட் இறங்கியிருக்கும். அப்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும்?

வலது விலா எலும்புகளுக்கிடையே ஒரு சிறு கருவியை வைத்து, லேசான அதிர்வை உள்ளே அனுப்பி, அந்த அலை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளப்பார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று ஊகிப்பதைப் போன்றதுதான் இது. ஊகத்துக்குப் பதிலாக எண் கிடைக்கிறது. தழும்பு மிகுந்த கல்லீரல் விறைப்பாக இருக்கும், விறைப்பில் அலை வேகமாக ஓடும். குறைந்தது பத்து அளவுகள் எடுத்து, அவற்றின் நடுமதிப்பைத் தருவார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். "கேப்" என்பது கொழுப்பின் அளவு. கிலோபாஸ்கலில் தரப்படுவது விறைப்பு. முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பில்லை எனலாம். 12க்கு மேலே என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு கணிசமானது. இடைப்பட்டவற்றை மருத்துவர் மற்ற விவரங்களோடு சேர்த்து முடிவு செய்வார். பரிசோதனைக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டவுடன் கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் கூடி, இல்லாத விறைப்பைக் காட்டும். மஞ்சள் காமாலையோடு வரும் திடீர் கல்லீரல் அழற்சியின்போதும், இதயச் செயலிழப்பிலும் இந்த எண் பொய்யாக உயரும். ஒரே ஓர் உயர்ந்த எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவதைவிட, வெறும் வயிற்றில் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

எடையை எவ்வளவு குறைத்தால் கல்லீரல் சரியாகும்?

கட்டத்தைப் பொறுத்தது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்குகிறது. அழற்சி அடங்குவதற்கு 7 சதவீதமாவது வேண்டும். தழும்பு பின்வாங்குவதற்கு 10 சதவீதம் அல்லது அதற்கும் மேல் தேவைப்படுகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு இவை முறையே 4 கிலோ, 5.6 கிலோ, 8 கிலோ.

இந்த எண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் முக்கியமானது கியூபாவில் நடந்து 2015இல் வெளியானது. அழற்சி உறுதிசெய்யப்பட்ட 293 பேரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 10 சதவீதமும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்திருந்தது; 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. ஆனால் அந்த அளவு எடையைக் குறைக்க முடிந்தவர்கள் பத்துப் பேரில் ஒருவர்தான். மருந்தகத்தில் கிடைக்காத மருந்து இது என்பதை நோயாளிக்குச் சொல்லும்போது, எட்டுவது கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

முன்சொன்ன தம்பியின் எடை 80 கிலோ என்றால், அவருக்கு 4 கிலோ குறைப்பது போதுமான இலக்கு. அண்ணனுக்கு அது போதாது.

வேகம் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கலாம். பட்டினி கிடந்து அதைவிட வெகுவேகமாகக் குறைத்தால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாகக் கல்லீரலுக்குப் பாய்ந்து அழற்சி கூடலாம். பித்தப்பையில் கல்லும் உருவாகலாம். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி வீண் அன்று. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, எடை எந்திரத்தில் மாற்றம் காட்டாதபோதும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது, ஏனெனில் தசைகள் இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்க்கத் தொடங்குகின்றன.

நான் ஒல்லியான ஆள். எனக்கு எப்படி வந்தது?

இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசியர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. நம் மக்களிடம் தசை குறைவாகவும், குடலைச் சுற்றிய கொழுப்பு மிகுதியாகவும் இருப்பது வழக்கம். கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் தள்ளிய உடல்வாகு நமக்கு மிகவும் பழக்கமானது. அதனால்தான் பி.எம்.ஐ. அளவும் மேலைநாட்டினரின் 25க்குப் பதிலாக நமக்கு 23லிருந்தே அதிகம் என்று கொள்ளப்படுகிறது. உண்மையிலேயே மெலிந்தவர்களுக்கு 3 முதல் 5 சதவீத எடைக்குறைப்பே போதுமானதாக இருக்கிறது. ஆயினும் பி.எம்.ஐ., இடுப்பளவு இரண்டும் குறைவாக இருந்து கொழுப்புக் கல்லீரல் காணப்பட்டால், மது, ஸ்டீராய்டு உள்ளிட்ட சில மருந்துகள், ஹெபடைடிஸ் சி போன்ற வேறு காரணங்களையும் மருத்துவர் தேட வேண்டும்.

சோறு, இட்லி, தோசையை எல்லாம் நிறுத்த வேண்டுமா? சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டுக்கொள்ளலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்: கூடாது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் ஆகிய எல்லாமே பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தேனில் இருப்பதும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்தான். சுக்ரோஸில் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடலின் எல்லாத் திசுக்களும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே ஏற்றுக்கொண்டு, மிஞ்சியதை எளிதில் கொழுப்பாக்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. பலருடைய உணவில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் சோற்றுத் தட்டைவிட இந்தத் தேநீர்க் குவளைதான். பாட்டில் குளிர்பானமும், சர்க்கரை சேர்த்த பழச்சாறும் இதே வரிசையில் வருகின்றன. பழத்தைச் சாறு பிழியாமல் முழுதாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் வயிறு நிறையும் உணர்வும் சேர்ந்து வருவதால் அளவு தானே கட்டுப்படும்.

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் அதன் இடத்தைச் சுருக்க வேண்டும். காலையில் இட்லியோ தோசையோ, மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என மூன்று சுற்றுச் சோறு, இரவில் மறுபடி தோசை அல்லது சப்பாத்தி என்று சாப்பிடும் ஒருவரின் கலோரியில் பெரும்பங்கு அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வருகிறது. தொட்டுக்கொள்ளும் பொரியலோ இரண்டு கரண்டி. இந்த விகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும். மதியத் தட்டில் பாதி கீரை, பீன்ஸ், கோஸ், புடலங்காய் போன்ற காய். கால்பகுதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்று. மீதி கால்பகுதி சோறு. உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்க்கணக்கில் சேர்க்கக் கூடாது. சோற்றைக் குறைத்துவிட்டுப் புரதத்தைக் கூட்டாமல் விட்டால் நான்கு மணிக்குப் பசித்து, மிக்சரும் பிஸ்கட்டும் உள்ளே போகும். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த நான்கு மணியில்தான்.

சிறுதானியத்துக்கு மாறுவதில் தவறில்லை. ஆனால் வரகுச் சோறும் தினைப் பொங்கலும் மாவுச்சத்துதான். "சிறுதானியம்தானே" என்று இரட்டிப்பாகச் சாப்பிட்டால் பயன் போய்விடும்.

எண்ணெய், நெய், காபி?

ஒரே கலோரி அளவில் பார்த்தாலும் கொழுப்பின் வகை முக்கியம். பின்லாந்தில் 2018இல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு மூன்று வாரங்கள் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கூடுதல் உணவு வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பாக இருந்த குழுவில் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. சர்க்கரையாக இருந்த குழுவில் 33 சதவீதம். நிறைவுறாத கொழுப்பாக இருந்த குழுவில் 15 சதவீதம். ஆகவே சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றை அளந்து பயன்படுத்துவதும், நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் வாசனைக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் பொருத்தமானவை.

காபி அருந்துபவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபியே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், சர்க்கரையில்லாமல் இரண்டு மூன்று குவளை குடிப்பதைத் தடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகுமா?

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம்மிடம் நீண்ட காலமாக இருக்கும் வழக்கம். வைரஸால் வரும் ஹெபடைடிஸ் பி-க்கு அது பயன்படுமா என்று சென்னையில் 1980களில் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் கொழுப்புக் கல்லீரலின் தழும்பை அது குறைத்ததற்குச் சான்று இல்லை. இயற்கையானது என்பதாலேயே கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது: கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்காகச் சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தச் சூரணம், லேகியம், எடைக்குறைப்புப் பொடி எடுத்தாலும் அதன் பெயரை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இதற்கென்று மாத்திரை, ஊசி எதுவும் கிடையாதா?

இப்போது உண்டு, எல்லோருக்குமானவை அல்ல. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடு ஊசிக்கும் எஃப்2, எஃப்3 தழும்புள்ள நோயாளிகளுக்காக அனுமதி கிடைத்தது. இந்தியாவில் சாரோகிளிட்டசார் என்ற மாத்திரை 2020லிருந்து இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வெறும் கொழுப்பு மட்டும் இருக்கும் எஃப்0, எஃப்1 கட்டத்தில் பொதுவாக மருந்து தேவைப்படுவதில்லை.

என் தந்தைக்குச் சிர்ரோசிஸ் என்கிறார்கள். இன்னும் எடையைக் குறைக்க வேண்டுமா?

இங்கே அறிவுரை தலைகீழாக மாறக்கூடும். வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, கறுத்த மலம், மஞ்சள் காமாலை, பகலில் தூக்கமும் குழப்பமும் ஆகியவற்றில் ஒன்றுகூட இதுவரை வராமல், பருமனாகவும் இருந்தால், மருத்துவரின் மேற்பார்வையில் மெதுவாக எடை குறைப்பது கல்லீரலின் சுமையைக் குறைக்கும். இவற்றில் ஒன்று வந்துவிட்டவருக்கு உணவைக் குறைக்கவே கூடாது. முற்றிய சிர்ரோசிஸில் கல்லீரலால் குளுக்கோஸைச் சேமித்து வைக்க முடிவதில்லை. இரவு முழுவதும் பட்டினி கிடந்தால் உடல் தசையைக் கரைத்து ஆற்றலைத் தேடிக்கொள்கிறது. நீர் கோத்திருப்பதால் எடை எந்திரம் கூடுதலாகக் காட்டும், தோளும் தொடையும் மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

எனவே அவருக்கு உலர் எடையில், அதாவது கோத்த நீரைக் கழித்த எடையில், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். "கல்லீரல் நோய்க்குப் பருப்பும் முட்டையும் ஆகாது" என்ற பழைய பத்தியத்தை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விலக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்பதைப் பார்க்க எண்டோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கும் பழக்கம் உள்ளவரானால், படுக்கும் முன் ஒரு கிண்ணம் உப்பில்லாத தயிர்சாதமோ, பாலும் இரண்டு ரொட்டித் துண்டுகளுமோ கொடுங்கள். நீரிழிவும் இருந்தால் அதற்கேற்ப இரவு மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.